4,000 எழுத்துகளில் ஓர் அம்மம்மா

2007ஆம் ஆண்டு, பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு ஒரு சோதனை நடத்தியது. மாணவர்கள் தங்களைப் பற்றி எழுதி அனுப்பிய சுமார் 50,000 அறிக்கைகளைக் கணினியில் ஏற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதில் வேதியியல் விளையாட்டில் தன் பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து எல்லோரும் எழுதியது அது. அந்தக் கதை உலகம் முழுவதும் செய்தியாயிற்று. அதே பட்டியலில் இன்னொரு எண்ணும் இருந்தது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. முதுமையால் தளர்ந்த ஒரு தாத்தாவைப் பற்றிய வாக்கியம் 175 அறிக்கைகளில் வந்திருந்தது.

அந்த 175 தாத்தாக்களால் பாதிக்கப்படுவது யார் என்றால், உண்மையிலேயே ஒரு தாத்தாவையோ பாட்டியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பிள்ளைதான். அவளும் அதே வாக்கியத்தில் தொடங்குகிறாள். வாசிப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி இடத்தை நீட் மதிப்பெண் தீர்மானிக்கிறது. மாணவி வீட்டில் யாருக்குச் சோறு ஊட்டினாள் என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் கேட்கிறார்கள். மருத்துவம் படிக்க விரும்புகிறவர் ஏ லெவல் மதிப்பெண், யூகேட் என்ற நுழைவுத் தேர்வு, நேர்காணல் இவற்றோடு ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்ற அறிக்கையையும் தர வேண்டும். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், அதில் நான்கு வரை மருத்துவமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் போவது ஒரே அறிக்கை. அக்டோபர் 15 கடைசி நாள்.

முன்பு அது ஒரே நீளக் கட்டுரையாக இருந்தது. 2026இல் படிப்பைத் தொடங்குகிறவர்களிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும்? பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார் செய்தது? பள்ளிக்கு வெளியே வேறு என்ன செய்து தயாரானீர்கள், அது ஏன் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் புள்ளியும் உட்பட. ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் மொத்தம் அறுநூறு, அறுநூற்றைம்பது சொற்களுக்கு மேல் போகாது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பிள்ளை வழக்கமாக மூன்றாவது கேள்வியில் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அந்த அனுபவத்தை மூன்று கேள்விகளுக்கும் பிரித்துத் தருவதுதான் சரி. எப்படி என்பதைப் பார்க்க, லண்டன் ஹாரோவில் வசிக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். மாணவி கற்பனைதான், அவள் வீட்டில் நடப்பது இதய நோயாளி இருக்கும் எத்தனையோ வீடுகளில் நடப்பது.

அம்மம்மாவுக்கு இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும், அப்படியில்லை. இதயத்தின் தசை தளர்ந்து, உடலுக்குத் தேவையான வேகத்தில் ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகிற நிலை அது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் இறங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறல். அதனால்தான் அம்மம்மாவுக்கு நீரை வெளியேற்றும் மாத்திரை. அவர் அதைத் ‘தண்ணிக் குளிசை’ என்பார்.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடு. காலையில் அம்மம்மாவின் எடையைப் பார்ப்பது பேத்தியின் பொறுப்பு. இதய நோய் நர்ஸ் சொல்லித் தந்த முறை இது: எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு, ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கொழுப்போ சதையோ ஒரு ராத்திரியில் ஒரு கிலோ கூடாது. எடை சட்டென்று ஏறினால் அது நீர். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி நிற்கிறதா, ராத்திரி தூங்க இரண்டு தலையணை போதுமா, மூன்று கேட்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கோடைகாலத்தில் ஒரு வாரம். கோயிலில் திருவிழா. 61 கிலோவாக இருந்த எடை மூன்றாம் நாள் காலை 63.4. பேத்தி போன் செய்தாள். ‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?’ என்று நர்ஸ் கேட்டார். சாப்பிடுகிறார் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். மருந்துக்கடையில் நாள்வாரியாக அடைத்துத் தரும் அட்டையில் காலைக் குழிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சாதாரண வாரங்களிலும் சனிக்கிழமைக் காலைகளில் எடை கொஞ்சம் கூடித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மம்மா பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவார்.

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மம்மா, கோயிலுக்குப் போற நாளில தண்ணிக் குளிசை போட்டால் கரைச்சலோ?’ என்று கேட்டாள்.

‘பஸ்ஸுக்குள்ள வச்சு அவசரமா வந்தா நான் என்ன செய்யிறது பிள்ளை?’

மாத்திரையை எடுத்து டிஷ்யூ தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். பேத்தி அதை நர்ஸிடம் சொன்னாள். கோயில் நாட்களில் காலையில் போடாமல், வீடு திரும்பியதும் மதியம் போட்டுக்கொள்ளலாம் என்றார் நர்ஸ். ராத்திரிக்குத் தள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், இல்லையென்றால் தூக்கம் கெடும். அதன் பிறகு சனிக்கிழமை எடை கூடவில்லை.

இதே மாணவியின் முதல் வரைவில் இந்தச் சம்பவமே இருக்காது. அதில் இருப்பது, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இது: ‘மனித உடல் இயங்கும் விதம் சிறுவயது முதலே என்னைக் கவர்ந்தது. என் அம்மம்மா நோயுற்றபோது அவரைப் பராமரித்த அனுபவம் என் வாழ்க்கையையே மாற்றியது. அதன் மூலம் பரிவு, பொறுமை, தொடர்பாடல் ஆகிய பண்புகளை வளர்த்துக்கொண்டேன்.’ முதல் வாக்கியம் 2007 பட்டியலிலும் உண்டு. மனித உடலின் இயக்கம் கவர்ந்தது என்ற பொருளில் தொடங்கும் வாக்கியம் 370 முறை வந்திருந்தது. இரண்டாவது வாக்கியத்தை எவரும் எழுதலாம். மூன்றாவது வாக்கியம் இன்னும் மோசம். பண்புகளைப் பெயர் சொல்லி உரிமை கோருகிறது, எந்தச் செயலிலிருந்து அவை தெரிந்தன என்று சொல்லவே இல்லை.

நோட்டும் வெள்ளிக்கிழமையும் வந்த வரைவு வேறு மாதிரி: ‘இதயச் செயலிழப்பு உள்ள அம்மம்மாவின் எடையைத் தினமும் காலையில் குறித்தேன். கோயிலுக்குப் போகும் நாட்களை அடுத்து எடை கூடுவதைக் கண்டேன். கேட்டபோது, பஸ்ஸில் அவசரம் வரும் என்ற பயத்தில் மாத்திரையைத் தவிர்ப்பதாகச் சொன்னார். நர்ஸிடம் தெரிவித்தேன், அவர் நேரத்தை மாற்றித் தந்தார். மருந்து சரியாக எழுதப்பட்டிருந்தது. அது அம்மம்மாவின் வெள்ளிக்கிழமைக்குப் பொருந்தவில்லை என்பது கேட்ட பிறகே தெரிந்தது.’ பரிவு என்ற சொல் இதில் இல்லை. பொறுமையும் இல்லை. இரண்டும் படிப்பவருக்குத் தெரிகின்றன. இந்தப் பகுதி ஆங்கிலத்தில் ஐந்நூறு எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். மூன்றாம் கேள்விக்கு இது போதும். எடை பார்த்ததைத் தவிர அவள் செய்த மற்ற வேலைகளின் பட்டியல் தேவையில்லை.

இந்த வரைவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மாத்திரையின் நேரத்தை மாற்றியது யார் என்பது. நர்ஸ். மாணவி கண்டாள், கேட்டாள், தெரிவித்தாள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆர்வத்தில் ‘மருந்தை நான் சரிசெய்தேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவர் பெரும்பாலும் ஒரு டாக்டர் அல்லது மருத்துவக் கல்லூரி ஆசிரியர். பதினேழு வயதுப் பெண் தன் விருப்பப்படி நீர் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தாள் என்று படித்தால், பாராட்டத் தோன்றாது, அச்சம்தான் வரும். தன் அறிவின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்து உரியவரிடம் போவது பிரிட்டன் மருத்துவர்களின் நடத்தை விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கும் கடமை. அவள் செய்தது அதைத்தான். அப்படியே எழுதினால் அதுவே அவளுக்குப் பலம்.

இரண்டாம் கேள்வி பள்ளிப் படிப்பைப் பற்றியது. இங்கே அம்மம்மாவுக்கு இடமில்லை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஏ லெவல் உயிரியலில் இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவும் வருகிறது, சிறுநீரகம் நீரைச் சமன் செய்யும் விதமும் வருகிறது. பாடநூலில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். அம்மம்மாவின் வீங்கிய கணுக்காலில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. உடலைக் காப்பாற்ற ஏற்பட்ட ஓர் ஏற்பாடே ஏன் உடலுக்கு எதிராகத் திரும்புகிறது என்று அவள் தேடிப் படித்திருந்தால், எதைப் படித்தாள், எது விளங்கியது, எது விளங்காமல் நின்றது என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் இங்கே எழுதலாம். வெறுமனே ‘உயிரியல் எனக்குப் பிடிக்கும்’ என்பதைவிட இதை நம்ப முடிகிறது.

கடினமானது முதல் கேள்விதான். நோயாளியைக் குளிப்பாட்டியவள், எடை பார்த்தவள், மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் செய்ததெல்லாம் நர்ஸின் வேலைக்கு நெருக்கமானது. அப்படியானால் நர்ஸிங் படிக்காமல் ஏன் மருத்துவம்? நேர்காணலில் இது கட்டாயம் எழக்கூடிய கேள்வி. நர்ஸிங்கைத் தாழ்த்திப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ‘மக்களுக்கு உதவ வேண்டும்’ என்ற பதில் இங்கே நிற்காது; உதவி செய்யும் தொழில்கள் எத்தனையோ உண்டு.

நம் மாணவிக்கு அந்தப் பதில் வேறொரு நாளில் கிடைத்தது. அம்மம்மாவின் மூச்சுத்திணறல் கூடியபோது டாக்டர் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். மூச்சு சீராயிற்று. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருப்பது தெரிந்தது. நீரை அதிகமாக இழுத்தால் சிறுநீரகம் வாடுகிறது. குறைத்தால் நுரையீரல் நனைகிறது. எது எவ்வளவு தாங்கும் என்பதை அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, அம்மம்மாவிடமும் கேட்டு, டாக்டர் படிப்படியாக முடிவு செய்தார். படுத்துத் தூங்க முடிய வேண்டும் என்பதே அம்மம்மாவுக்கு முதல் தேவை. டாக்டரும் அதை முதலில் வைத்தார். உறுதியான விடை இல்லாத இடத்தில் பொறுப்பேற்று முடிவெடுக்கும் அந்த வேலையைத் தான் கற்க விரும்புவதாக மாணவி எழுதினால், அது நர்ஸின் வேலையைக் குறைத்துச் சொல்வதாகாது. ஏன் மருத்துவம் என்ற கேள்விக்கும் நேரடியான பதில் கிடைத்துவிடுகிறது.

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளுக்கு உரிய ஒரு விஷயமும் உண்டு. பேரப்பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்லி, அம்மம்மாவின் பதிலை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது. இதைப் பெருமையாக அறிக்கையில் எழுதுகிறவர்கள் நிறைய. பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் வழிகாட்டுதலோ, குடும்பத்தினரை, அதிலும் பிள்ளைகளை, மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை நோயாளிக்கு இலவசமாக ஏற்பாடு செய்து தருகிறார்கள். நம் மாணவிக்கு அதன் காரணம் கண்ணெதிரே புரிந்தது. ஒரு முறை மருத்துவமனையில் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தபோது, ராத்திரியில் தனக்குப் பயமாக இருப்பதாக அம்மம்மா சொன்னார். பேத்தி மொழிபெயர்த்த எந்த நாளிலும் அந்தச் சொல் வந்ததில்லை. பேத்தி கவலைப்படுவாள் என்று அவர் அதை மறைத்து வைத்திருந்தார். ‘நான் மொழிபெயர்த்தேன்’ என்பதைவிட, ‘நான் மொழிபெயர்த்தபோது எது விடுபட்டது என்று கண்டேன்’ என்பது மருத்துவத்துக்குப் பல மடங்கு நெருக்கமான வாக்கியம்.

உணவும் அப்படித்தான். உப்பைக் குறைக்கச் சொல்லித் தரும் ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்கள் சிப்ஸ், பன்றி இறைச்சி, கடையில் வாங்கும் சூப் என்று எச்சரிக்கின்றன. அம்மம்மா அவற்றைத் தொட்டதே இல்லை. அவருடைய உப்பு ஊறுகாயிலும் கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் இருந்தது. பேத்தி அந்தப் பட்டியலை நர்ஸிடம் சொல்லியிருந்தால், அதற்கு ஒரு வாக்கியம் தரலாம்.

எதை விட வேண்டும் என்பதும் முக்கியம். அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டதால் பள்ளிக்குப் போகாத நாட்கள், குறைந்த மதிப்பெண், தூக்கமில்லாமல் எழுதிய தேர்வு இவற்றை மாணவர்கள் தங்கள் 4,000 எழுத்துகளிலிருந்து செலவழிக்கிறார்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் தனியாக அனுப்பும் பரிந்துரைக் கடிதத்தில், மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. விண்ணப்பப் படிவத்திலும் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு இருந்ததா என்ற கேள்வி உண்டு. அதற்கு ‘ஆம்’ என்று குறிப்பது சலுகை கேட்பதாகாது, உதவி கிடைக்க வழி செய்வது. ஆனால் ஆசிரியருக்கு விஷயம் தெரிந்தால்தானே எழுதுவார்? நம் வீடுகளில் பாட்டியைப் பார்த்துக்கொள்வதை யாரும் ஒரு பொறுப்பு என்று பெயரிட்டுச் சொல்வதில்லை. பள்ளியில் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்துகொண்டு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு தேவை மதிப்பீட்டுக்கு உரிமை இங்கிலாந்தில் உண்டு. அறிக்கை எழுத உட்காரும் செப்டம்பர் மாதத்துக்கு முன்பே, வகுப்பாசிரியரிடம் ஒரு முறை பேசிவிடுவது நல்லது.

அம்மம்மாவின் அந்தரங்கமும் இதில் அடங்கும். பேத்தி எழுதுவதை முகம் தெரியாத பலர் படிக்கப்போகிறார்கள். நோயின் பெயர் தேவைப்படலாம். படுக்கை நனைந்ததும் மனம் குழம்பிப் பேசியதும் தேவைப்படாது. எழுதியதை அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புவதே முறை. நோயாளியின் சம்மதம் என்ற கருத்தை இதைவிட நேரடியாகக் கற்க வழியில்லை. ‘என்ர குளிசைக் கதையையோ எழுதியிருக்கிறாய்?’ என்று அவர் கோபித்தால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவு உழைத்து எழுதிய அறிக்கையை எல்லா மருத்துவக் கல்லூரிகளும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. சில கல்லூரிகள் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதை மதிப்பெண்ணையும் யூகேட்டையும் வைத்தே முடிவு செய்கின்றன. வேறு சில அறிக்கையை வரிவரியாகப் படிக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியின் இணையப் பக்கத்திலும் அந்த ஆண்டுக்கான தேர்வுமுறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்காத கல்லூரியிலும் அறிக்கைக்காகச் செய்த யோசனை வீணாகாது, ஏனென்றால் நேர்காணலில் அதையே வாய்விட்டுக் கேட்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் நேர்காணல் என்பது சில நிமிடங்கள் கொண்ட பல சிறு சந்திப்புகள். ஓர் அறையில் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில், ‘மருந்து சாப்பிட மறுக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவீர்கள்?’ என்பார்கள். டிஷ்யூ தாளில் சுற்றிய மாத்திரையைக் கண்டவளுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

அக்டோபரில் விண்ணப்பம் போகிறது, நேர்காணல்கள் பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருகின்றன. முற்றிய இதயச் செயலிழப்பில் அந்த இடைவெளிக்குள் நோயாளி இறந்துபோக வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால் பள்ளி அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கலாம். நேர்காணல் நாளை மாற்றித் தர முடியுமா என்று கேட்கலாம். அறிக்கையில் எழுதிய ஒரே காரணத்துக்காக அந்த மரணத்தைப் பற்றி நேர்காணலில் பேசியாக வேண்டிய கட்டாயம் மாணவிக்கு இல்லை. ‘அவர் போன மாதம் இறந்துவிட்டார், எடை நோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்’ என்று சொல்லலாம், கேட்பவர் ஏற்றுக்கொள்வார்.